சுருளில்லாத தூண்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கோயில் திருவிழாக் காலம் என்றால் ஒலிபெருக்கிக் காலம் என்றும் பொருள். நல்லூர்க் கந்தன் கோயிலில் மட்டும் திருவிழா 25 நாட்கள் நீடிக்கிறது. ஒலிவாங்கியிலிருந்து அம்பிளிபயர் வரை நீளமான வயர் ஓடுகிறது. பக்கத்திலேயே மின்விளக்குகளுக்கான 230 வோல்ற்று வயர்களும் ஓடுகின்றன. இந்த அயலிருப்பின் விளைவை எல்லாரும் கேட்டிருப்பார்கள். பாட்டு நின்ற கணத்தில் பெட்டிகளிலிருந்து "ம்ம்ம்" என்று ஓர் அடித்தள உறுமல் எழும். இலங்கையின் மின்வழங்கல் செக்கனுக்கு 50 முழுச் சுற்றுகள் ஊசலாடுவதால், வயர்கள் பிடித்துவரும் உறுமலின் மீடிறனும் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ்தான். அம்பிளிபயரின் சொந்த மின்வழங்கல் பகுதியில் வடிகட்டற் கொள்ளளவி பழுதானால் எழுவது 100 ஹெர்ட்ஸ் உறுமல். அதற்கு மருந்து புதுக் கொள்ளளவி, வடிகட்டி அல்ல. வெளியிலிருந்து புகுந்த 50 ஹெர்ட்ஸை மட்டும் பொறிவைத்துப் பிடிப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. அந்தப் பொறிக்குள் ஒரு தூண்டி வேண்டும். கம்பிச் சுருள் ஒன்றுகூட இல்லாமல் அந்தத் தூண்டியைக் கட்டலாம் என்பதையும், இந்த வேலைக்கு அது அசலைவிட நல்ல தூண்டி என்பதையும் காட்டுவதே நோக்கம்.

பொறி எளிமையானது. சைகை செல்லும் வழியில் 1 கிலோ ஓம் தடையி ஒன்றை வைக்கிறோம். அதைத் தாண்டிய இடத்திலிருந்து புவிக்கு ஒரு கொள்ளளவியையும் ஒரு தூண்டியையும் தொடராக இணைக்கிறோம். ஆடலோட்டத்துக்கு ஒரு கூறு காட்டும் எதிர்ப்பைத் தடங்கல் என்பார்கள். மீடிறன் ஏறக் கொள்ளளவியின் தடங்கல் குறையும், தூண்டியின் தடங்கல் கூடும்; இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுப்பவை. ஒரேயொரு மீடிறனில் அவை சமமாகி ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த மீடிறனுக்கு அந்தக் கிளை வெறும் வயர்த்துண்டு போல நடந்து, சைகையைப் புவிக்குக் கொண்டுபோய்விடும். மற்ற மீடிறன்களுக்கு அது கிட்டத்தட்ட இல்லாதது போலவே இருக்கும். அந்த ஒத்திசைவு மீடிறன் f = 1/(2π√(LC)). கடையில் கிடைக்கும் 1 மைக்கிரோபரட் கொள்ளளவியை எடுத்துக்கொண்டு f-ஐ 50 ஆக்கினால் L என்னவாக வேண்டும்? கணக்குப் போட்டால் 10.13 ஹென்றி வருகிறது.

பத்து ஹென்றி என்பது பெரிய அளவு. வானொலிப் பெட்டிகளின் சிறு சுருள்கள் மைக்கிரோஹென்றிக் கணக்கில் இருப்பவை. 10 ஹென்றி வேண்டுமானால் இரும்புத் தகடுகளை அடுக்கி அதன்மேல் மெல்லிய எனாமல் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்ற வேண்டும். பழைய வால்வு அம்பிளிபயர்களில் இருந்த கனத்த சோக் அந்த இனம். அவ்வளவு நீளக் கம்பிக்குச் சில நூறு ஓம் தடை இருக்கும். அந்தத் தடை ஒத்திசைவிலும் அழியாது. 200 ஓம் என்று வைத்தால், பொறி உறுமலை ஆறில் ஒரு பங்காகத்தான் குறைக்கும். இரும்பின் காந்தவியல்பு ஓட்டத்தோடு மாறுவதால் தூண்டற்றிறனும் நிலையாக நிற்பதில்லை. இவை எல்லாவற்றையும்விட மோசமான குறை வேறொன்று: இரும்பில் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்றுகள், பக்கத்திலுள்ள ரான்ஸ்போமரின் காந்தப்புலத்தைப் பிடிக்கும் அருமையான ஏரியல். உறுமலைப் பிடிக்க வைத்த பொருளே உறுமலை உள்ளே கொண்டுவரும்.

எனவே தூண்டியை வேறு விதமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. சுற்றுக்குத் தெரிவது தூண்டியின் இரண்டு முனைகள் மட்டுமே. அந்த முனைகளில் V வோல்ற்று போட்டால் எவ்வளவு ஓட்டம் புகுகிறது, அது எவ்வளவு பிந்திப் புகுகிறது என்பதற்கு மேல் சுற்று எதையும் கேட்பதில்லை. உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்க்க அதற்கு வழியில்லை. 1948-இல் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் இருந்த டச்சு அறிவியலாளர் பேர்னாட் ரெலெகன் இந்த வழியில் யோசித்து, ஓட்டத்தையும் வோல்ற்றளவையும் இடம்மாற்றித் தரும் ஒரு கற்பனைக் கூறை முன்வைத்தார். அதன் ஒரு பக்கத்தில் கொள்ளளவியை மாட்டினால் மறுபக்கத்தில் தூண்டி தெரியும். கொள்ளளவிக்கும் தூண்டிக்கும் உள்ள வேறுபாடே வோல்ற்றளவும் ஓட்டமும் இடம்மாறி நிற்பதுதான் என்பதால் இது இயல்பானதே. 1960-களில் செயற்பாட்டு விரியலாக்கிகள் சில்லுகளாக வந்த பிறகு இந்தக் கற்பனைக் கூறைக் கையால் கட்ட முடிந்தது. 1969-இல் அந்திரேயாஸ் அந்தோனியு வெளியிட்ட சுற்று இன்றுவரை பாடநூல்களில் நிற்கிறது. அதைத்தான் இங்கே கட்டப்போகிறோம்.

சுற்றின் எலும்புக்கூடு ஒரே நேர்கோடு. உள்ளீட்டு முனையிலிருந்து புவிவரை ஐந்து கூறுகள் வரிசையாக நிற்கின்றன. முனை 1-இல் சைகை புகுகிறது. 1-க்கும் 2-க்கும் நடுவே Z1, 2-க்கும் 3-க்கும் நடுவே Z2, அவ்வாறே Z3, Z4. கடைசியாக முனை 5-இலிருந்து புவிக்கு Z5. இரண்டு விரியலாக்கிகள் இந்த வரிசைமேல் குறுக்காக அமர்கின்றன. முதலாவதன் நேர் உள்ளீடு முனை 1-இல், மறை உள்ளீடு முனை 3-இல். அதன் வெளியீடு முனை 4-ஐ ஓட்டுகிறது. இரண்டாவதன் நேர் உள்ளீடு முனை 5-இல், மறை உள்ளீடு அதே முனை 3-இல். அதன் வெளியீடு முனை 2-ஐ ஓட்டுகிறது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டு மறை உள்ளீடுகளும் நடுமுனையான 3-இல் சந்திக்கின்றன. இதை மாற்றி இணைத்தால் பின்னூட்டல் தலைகீழாகி, வெளியீடுகள் மின்வழங்கலின் ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சைகை இல்லாதபோது மல்ரிமீற்றரை நேரோட்ட அளவீட்டில் வைத்து 2, 4 ஆகிய முனைகளைத் தொட்டால் கிட்டத்தட்டப் பூச்சியம் காட்ட வேண்டும். ஏழு எட்டு வோல்ற்று காட்டினால் இணைப்புப் பிழை.

இனிக் கணக்கு. உயர்தரப் பௌதிகவியலில் படித்த இரண்டு விதிகள் போதும்: மறைப் பின்னூட்டல் உள்ள விரியலாக்கியின் இரு உள்ளீடுகளும் ஒரே வோல்ற்றளவில் இருக்கும்; உள்ளீடுகளுக்குள் ஓட்டம் புகாது. முதல் விதியால் முனைகள் 1, 3, 5 மூன்றும் ஒரே V-இல் நிற்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி புவிப் பக்கத்திலிருந்து தானாக அவிழும். முனை 5-இல் V இருப்பதால் Z5 ஊடாக V/Z5 ஓட்டம் புவிக்கு இறங்குகிறது. விரியலாக்கி எதையும் குடிக்காததால் அந்த ஓட்டம் முழுவதும் Z4 வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆகவே முனை 4, முனை 5-ஐவிட V·Z4/Z5 அளவு உயர்ந்து நிற்கிறது. முனை 3-உம் V-இல்தான் இருக்கிறது. எனவே Z3-க்குக் குறுக்கே உள்ளதும் அதே V·Z4/Z5. அதன் ஊடான ஓட்டம் V·Z4/(Z3·Z5). அது முனை 3-இல் நிற்காமல் Z2 ஊடாக முனை 2-க்குப் போகிறது. போகும்போது V·Z2·Z4/(Z3·Z5) வீழ்கிறது. முனை 1-உம் முனை 3-உம் சமம் என்பதால் Z1-க்குக் குறுக்கேயும் அதே வீழ்ச்சிதான். அதை Z1-ஆல் வகுத்தால் உள்ளீட்டில் புகும் ஓட்டம் கிடைக்கிறது:

I = V·Z2·Z4 / (Z1·Z3·Z5)

V-ஐ I-ஆல் வகுத்தால் சுற்று வெளியுலகுக்குக் காட்டும் தடங்கல்:

Z = Z1·Z3·Z5 / (Z2·Z4)

இந்தக் கோவையில் எல்லாம் அடங்கியிருக்கிறது. கொள்ளளவியின் தடங்கல் 1/(sC). இங்கே s என்பது மாற்றத்தின் வேகத்தைக் காவும் குறியீடு: மீடிறன் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும், கூடவே அவத்தையையும் கால்சுற்று நகர்த்தும். Z4-இன் இடத்தில் கொள்ளளவியை வைத்து மற்ற நான்கையும் தடையிகளாக்கினால், பகுதியில் இருந்த கொள்ளளவி தலைகீழாகித் தொகுதிக்கு ஏறிவிடுகிறது: Z = s·C4·R1·R3·R5/R2. தூண்டியின் தடங்கல் sL. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்,

L = C4·R1·R3·R5 / R2

நான்கு தடையிகளும் 10 கிலோ ஓம், C4 0.1 மைக்கிரோபரட் என்று வையுங்கள். L சரியாக 10 ஹென்றி. மேசையில் கிடக்கும் பொருட்களின் மொத்த எடை சில கிராம்.

குறியீடுகளை நம்ப மனமில்லாதவர்கள் எண்களோடு ஒருமுறை நடந்து பார்க்கலாம். முனை 1-இல் 50 ஹெர்ட்ஸில் 1 வோல்ற்று உச்சம் போடுகிறோம். R5 ஊடாக 0.1 மில்லி அம்பியர் ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸில் C4-இன் தடங்கல் 31.8 கிலோ ஓம். அதற்குக் குறுக்கே 3.18 வோல்ற்று, கால்சுற்றுப் பிந்தி எழுகிறது. பிந்துதல் நிகழும் ஒரே இடம் இதுதான். பிறகு அதே 3.18 வோல்ற்று R3-க்குக் குறுக்கே, R2-க்குக் குறுக்கே, R1-க்குக் குறுக்கே என்று நகலெடுக்கப்பட்டு நகர்கிறது. கடைசியில் உள்ளீட்டில் புகும் ஓட்டம் 0.318 மில்லி அம்பியர், வோல்ற்றளவுக்குக் கால்சுற்றுப் பிந்தியபடி. 1 வோல்ற்றை அதனால் வகுத்தால் 3142 ஓம். ஓர் அசல் 10 ஹென்றித் தூண்டி 50 ஹெர்ட்ஸில் காட்டுவதும் 2π × 50 × 10, அதாவது 3142 ஓம்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தூண்டி என்பது காந்தப்புலத்தில் சக்தியைச் சேமித்துத் திருப்பித் தருவது. காந்தப்புலமே இல்லாத ஒன்றைத் தூண்டி என்று எப்படிச் சொல்வது? மேலுள்ள எண்களையே வைத்துப் பார்ப்போம். 10 ஹென்றித் தூண்டியில் 0.318 மில்லி அம்பியர் உச்சத்தில் சேரும் சக்தி ½LI². அது ஏறத்தாழ 0.51 மைக்கிரோயூல். நம் சுற்றில் C4-இல் 3.18 வோல்ற்று உச்சத்தில் சேரும் சக்தி ½CV², அதுவும் 0.51 மைக்கிரோயூல். தடையிகள் சமமாக இருக்கும்போது இது தற்செயல் அல்ல, இயற்கணிதம் அப்படியே தருகிறது. ஆனால் இந்தச் சமத்துவத்தில் பெருமிதப்பட்டு நிற்கக் கூடாது. L-ஐ மாற்றாமலே உள்ளிருக்கும் பெறுமானங்களை மாற்றலாம். அப்போது கொள்ளளவியின் சக்தி வேறாகிவிடும், குறைநிறையை விரியலாக்கிகள் மின்வழங்கலிலிருந்து ஈடுசெய்யும். சக்தி எங்கே தங்குகிறது என்பது சுற்றின் சொந்த விவகாரம். முனைகளில் தெரியும் கணக்குத்தான் தூண்டியைத் தூண்டியாக்குகிறது.

அப்படி மாற்றுவதில் பெரிய பயனும் உண்டு. மேலே 1 வோல்ற்று உள்ளிட்டபோது முனைகள் 2-உம் 4-உம் 3.34 வோல்ற்றுவரை ஊசலாடின. ஒன்பது வோல்ற்று பற்றரி இரண்டில் ஓடும் 741 வகை விரியலாக்கி இருபக்கமும் ஏழு வோல்ற்றளவுக்குத்தான் ஊசலாட முடியும். ஆகவே தூண்டியின் முனையில் 2.1 வோல்ற்றைத் தாண்டினாலே உள்ளே வெட்டு விழும். நம் பொறியில் ஒத்திசைவின்போது தூண்டிக்குக் குறுக்கே எழுவது உள்வரும் உறுமலின் மூன்று மடங்குக்கும் மேல். அதாவது 0.7 வோல்ற்று உறுமலே பொறியைத் திணறடித்துவிடும். C4-ஐ 0.33 மைக்கிரோபரட் ஆக்கி, R1-ஐ 3 கிலோ ஓமாகக் குறைத்துப் பாருங்கள். L = 9.9 ஹென்றி, வெளியே கிட்டத்தட்ட ஒன்றும் மாறவில்லை. உள்ளேயோ 50 ஹெர்ட்ஸில் C4-இன் தடங்கல் 9.6 கிலோ ஓமாகி R5-ஐ ஒத்துவிட்டதால், 2, 4 முனைகளின் ஊசல் 1.4 வோல்ற்றாகச் சுருங்குகிறது. முன்பு 2.1 வோல்ற்றில் வெட்டிய தூண்டி இப்போது 5 வோல்ற்றைத் தாங்கும். வெட்டு விழுவதைக் காதாலேயே அறியலாம்: மென்மையான உறுமலுக்குப் பதிலாகக் கரகரப்பான ரீங்காரம் எழும், உள்ளீட்டுச் சைகையின் அளவைக் குறைத்தால் அந்த ரீங்காரம் மறையும்.

பொறியின் ஆழத்தை முடிவுசெய்வது மிஞ்சிநிற்கும் இழப்பு. பொலியெஸ்ரர் கொள்ளளவிகளின் இழப்பை ஆயிரத்துக்கு 4 என்று எடுத்தால், 1 மைக்கிரோபரட் கொள்ளளவியில் 13 ஓம் அளவு மிஞ்சும். C4-இன் இழப்பு தூண்டியில் இன்னொரு 13 ஓமாகத் தோன்றும். இரண்டும் சேர்ந்து 26 ஓம். முன்னால் 1 கிலோ ஓம் இருப்பதால் உறுமல் ஏறத்தாழ நாற்பதில் ஒன்றாகும். ஆறில் ஒன்றாக்கிய இரும்புச் சோக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். விரியலாக்கியின் குறைபாடு இந்தக் கணக்கில் தலைகாட்டவே இல்லை. 741-இன் விரியலே 50 ஹெர்ட்ஸில் இருபதினாயிரம் மடங்கு என்பதால், மூன்று முனைகளும் ஒரே வோல்ற்றளவில் நிற்கும் என்ற எடுகோள் மிக நன்றாகப் பொருந்துகிறது.

ஐந்து சதவீதப் பிழையுள்ள கொள்ளளவிகளை வாங்கினால் பொறி 48 ஹெர்ட்ஸில் போய் நிற்கலாம் என்பதும் உண்மை. அசல் சுருளில் இதைத் திருத்தச் சுற்றுகளைக் கழற்ற வேண்டும். இங்கே L, R5-க்கு நேர்விகிதமாக இருப்பதால், R5-இன் இடத்தில் 8.2 கிலோ ஓம் தடையியோடு 5 கிலோ ஓம் மாறுதடையி ஒன்றைத் தொடராக வைத்தால் போதும். பொறி ஏறத்தாழ 44 முதல் 56 ஹெர்ட்ஸ் வரை நகரும். உறுமலைக் கேட்டபடியே திருகி, அது மிகவும் தாழும் இடத்தில் நிறுத்தலாம். பொறி எவ்வளவு ஒடுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்குக் குடாநாட்டின் வரலாறே ஒரு அளவுகோல் தருகிறது. போர்க்காலத்தில் தேசிய மின்வலையமைப்பிலிருந்து அறுந்திருந்த யாழ்ப்பாணத்தில் சிறு ஜெனறேற்றர்களும், வானொலிக்குச் சைக்கிள் டைனமோக்களும் மின்சாரம் தந்தன. பாரம் கூடும்போது சிறு ஜெனறேற்றரின் வேகம் தளர்ந்து மீடிறனும் ஓரிரு ஹெர்ட்ஸ் இறங்கும். டைனமோவின் மீடிறனோ பெடலை மிதிப்பவரின் கால் வேகம். திருவிழாக்களுக்கு ஜெனறேற்றர் இன்றும் வருகிறது. முன்தடை 1 கிலோ ஓமாக இருக்கையில் பொறி ஏறத்தாழ 43 முதல் 58 ஹெர்ட்ஸ் வரை கைவைக்கிறது. ஓரிரு ஹெர்ட்ஸ் தளர்ச்சியை அது ஓரளவுக்காவது பொறுக்கும். முன்தடையைப் பத்து மடங்காக்கினால் அகலமும் பத்து மடங்காகித் தவிலின் தொப்பிப் பக்க அதிர்வையும் சேர்த்து விழுங்கிவிடும். ஜெனறேற்றர் மேடையில் மிக ஒடுக்கமான பொறியை விரும்புவது தவறு என்பதே என் கருத்து. டைனமோவுக்கு எந்த நிலையான பொறியும் உதவாது.

இந்தத் தூண்டி எங்கே தோற்கும் என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது. 741-இன் விரியல் மீடிறனோடு தேய்ந்து, 100 கிலோஹெர்ட்ஸில் பத்து மடங்காகிவிடும். அப்போது 1, 3, 5 முனைகள் சமமாக நிற்பதில்லை. விரியலாக்கிகளின் தாமதம் சேர்ந்து அவத்தை கால்சுற்றிலிருந்து பிசகும். பிசகு ஒரு பக்கம் போனால் தூண்டி மந்தமாகும், மறுபக்கம் போனால் சுற்று தானாக ஊளையிடத் தொடங்கும். வானொலி மீடிறன்களில் செம்புச் சுருளுக்கே வெற்றி. அவ்வாறே ரியூப் லைற்றின் சோக்குக்குப் பதிலாக இதை வைக்க முடியாது: ஓட்டம் அறுபடும்போது அசல் தூண்டி நூற்றுக்கணக்கான வோல்ற்று உதையைத் தரும், இந்தச் சுற்றின் முனைகள் 2-உம் 4-உம் ஒருபோதும் தம் மின்வழங்கலைத் தாண்டாது. சிறு சைகைகளும் தாழ்ந்த மீடிறன்களுமே இதன் நிலம். அந்த நிலத்தில்தான் செம்பும் இரும்பும் மிக மோசமாக நடக்கின்றன.

தூண்டியே இல்லாமல், தடையிகளும் கொள்ளளவிகளும் கொண்ட இரட்டை-T வலையால் 50 ஹெர்ட்ஸை அழிக்கலாமே, ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே பொறிக்கு அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் இரட்டை-T-இன் ஆழம் ஆறு கூறுகளின் துல்லியமான பொருத்தத்தில் தொங்குகிறது. ஒன்று நகர்ந்தால் பள்ளம் நிரம்பிவிடும். தூண்டி-கொள்ளளவிப் பொறியில் ஒரு பெறுமானம் நகர்ந்தால் பள்ளம் இடம் மாறும், ஆழம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஒரே திருகால் அதைத் திரும்பக் கொண்டுவரலாம். பெரிய வடிகட்டிகளிலும் இதே நன்மை உண்டு. இருமுனையிலும் தடையிட்ட தூண்டி-கொள்ளளவி ஏணிகள் கூறுகளின் சிறு பிழைகளை அதிகம் பொருட்படுத்துவதில்லை. அந்த நற்குணத்தை இழக்காமல் சுருள்களை மட்டும் நீக்கலாம் என்று 1966-இல் ஓர்ச்சார்ட் சுட்டிக்காட்டியதே இத்துறைக்கு உந்துதலானது.

ஒரு கட்டுப்பாடு மிஞ்சுகிறது. நாம் கட்டிய தூண்டியின் ஒரு முனை எப்போதும் புவிதான். R5-இன் அடி அங்கே ஊன்றியிருக்கிறது. நம் பொறிக்கு அது இடைஞ்சல் இல்லை, தாழ்ந்த மீடிறன்களைத் தள்ளி உயர்ந்தவற்றை விடும் ஏணி வடிகட்டிக்கும் இல்லை, ஏனெனில் அதில் தூண்டிகள் எல்லாம் புவிக்கே இறங்குகின்றன. உயர்ந்தவற்றைத் தள்ளும் ஏணியில் தூண்டிகள் வழியின் குறுக்கே மிதக்கின்றன. அங்கே இது பொருந்தாது. 1969-இல் புரூட்டன் இதற்கு ஒரு வழி கண்டார்: ஏணியிலுள்ள எல்லாத் தடங்கல்களையும் s-ஆல் வகுத்துவிடுங்கள். தடங்கல்களின் விகிதங்கள் மாறாததால் வடிகட்டலும் மாறாது. மிதந்த தூண்டிகள் சாதாரணத் தடையிகளாகின்றன, தடையிகள் கொள்ளளவிகளாகின்றன, புவிக்கு இறங்கிய கொள்ளளவிகள் மட்டும் 1/s² என்று நடக்கும் ஒரு புதுக் கூறாகின்றன. அதைக் கட்டவும் இதே ஐந்து கூறு வரிசை போதும்: Z1, Z3 இரண்டிலும் கொள்ளளவிகளை வைத்து, மற்ற மூன்றிலும் தடையிகளை வைத்தால் Z = R5 / (s²·C1·C3·R2·R4).